இத்தாலியில் பிறந்த குழந்தை, கனடாவுக்கு விண்ணப்பம்: ஒரு பக்கப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பதில் இவ்வளவு சிக்கலா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கப்பல் வேலை, துறைமுக வேலை என்று கடல் கடந்து போய் வந்தவர்கள் நிறைய. அதில் சிலர் குடும்பத்தோடு சில வருஷம் அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பியிருப்பார்கள். குழந்தையும் அங்கேயே பிறந்திருக்கும். ஊர் திரும்பி, பள்ளியில் சேர்த்து, எல்லாம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும். வேறொரு நாட்டுக்குக் குடியேற விண்ணப்பிக்கும்போதுதான் பீரோவில் இருக்கும் அந்த வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வெளியே வரும்.

அது இத்தாலியச் சான்றிதழாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? "ஒரு பக்கம்தானே, இங்கிலீஷில் மாத்தி நோட்டரி போட்டா போதும்" என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் விண்ணப்பமே திரும்பி வரும் அளவுக்குச் சிக்கல்கள் உண்டு.

புரிவதற்காக ராயபுரத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பமும் பெயர்களும் கற்பனை. அவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் உண்மையானவை.

அப்பா அந்தோணி, கப்பல் பழுதுபார்க்கும் வேலை. அவருடைய பாஸ்போர்ட்டில் முதல் பெயர் அந்தோணி, பின்பெயர் இருக்கும் இடத்தில் அவருடைய அப்பா பெயரான சேவியர். வேலைக்காக இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரத்துக்குப் போகிறார். மனைவியும் உடன் போகிறார். 2016 ஜூலை 14 அன்று அங்கே மகன் பிறக்கிறான். கவின் ஜெரோம் என்று பெயர் வைக்கிறார்கள். 2020-ல் குடும்பம் ராயபுரம் திரும்பிவிடுகிறது. இப்போது கனடாவில் நிரந்தரமாகக் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அழைப்பு வந்திருக்கிறது.

அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எல்லா ஆவணங்களோடும் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

அப்பா, அம்மா பெயர் எங்கே?

வீட்டில் இருக்கும் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் குழந்தையின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. அப்பா பெயரும் இல்லை, அம்மா பெயரும் இல்லை!

இது எழுத்தரின் தவறு இல்லை. இத்தாலியில் அது சட்டம். 1955 அக்டோபர் 31 தேதியிட்ட 1064-ம் எண் சட்டம், சாதாரணமாகக் கொடுக்கப்படும் பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்கிறது. அதற்கு முன்பு, தந்தை யாரென்று தெரியாத குழந்தைகளின் காகிதங்களில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'என்.என்.' என்று எழுதுவார்கள். 'பெயர் தெரியாது' என்பதற்கான லத்தீன் சுருக்கம் அது. பள்ளியிலும் வேலை கேட்கும் இடத்திலும் அந்த இரண்டு எழுத்தைத் தூக்கிக்கொண்டு ஆயுள் முழுக்க அலைய வேண்டியிருந்தது. அந்த அவமானத்தை நிறுத்த, எல்லோருடைய சான்றிதழிலும் பெற்றோர் பெயரை எடுத்துவிட்டார்கள். நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான்.

ஆனால் கனடா அதிகாரி அந்தச் சான்றிதழைக் கேட்பது, 'இந்தக் குழந்தை இந்த விண்ணப்பதாரரின் பிள்ளைதானா?' என்று பார்ப்பதற்காக. பெற்றோர் பெயர் இல்லாத சான்றிதழை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதனால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்கு முன்பே, கையில் இருப்பது எந்த வகைக் காகிதம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தாலிய நகராட்சி, அதாவது 'கொமூனே', ஒரே பிறப்புப் பதிவிலிருந்து பல விதமான காகிதங்களைக் கொடுக்கும். தலைப்பில் 'செர்த்திஃபிகாத்தோ தி நாஷிதா' என்று இருந்தால் அது வெறும் சான்றிதழ். மேலே சொன்ன மூன்று விவரங்களோடு முடிந்துவிடும். 'எஸ்த்ராத்தோ' என்று தொடங்கினால் பதிவேட்டிலிருந்து எடுத்த சுருக்கம். இதில் பதிவின் ஓரத்தில் பின்னாளில் எழுதிய குறிப்புகளும் வரும். பெற்றோர் பெயர் வேண்டும் என்றால் தனியாகக் கேட்க வேண்டும். 'கொன் பத்தெர்னிதா ஏ மத்தெர்னிதா', அதாவது தந்தை, தாய் விவரத்தோடு என்று கேட்டால் கொடுப்பார்கள். மூன்றாவது 'கோப்பியா இந்தெக்ராலே'. பதிவேட்டில் உள்ளதை ஒரு வரி விடாமல் கொடுக்கும் முழு நகல்.

இது போக, 1976 செப்டம்பர் 8 அன்று வியன்னாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி தரப்படும் பன்மொழிச் சுருக்கமும் உண்டு. அதில் ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பும் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் இருக்கும். தந்தை, தாய்க்கும் கட்டம் உண்டு. இதை வாங்கினால் மொழிபெயர்ப்பு வேலை பாதியாகக் குறையும். ஆனால் கனடா, இந்தியா இரண்டுமே அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் அதை வைத்து 'மொழிபெயர்ப்பே தேவையில்லை' என்று உரிமையாகக் கேட்க முடியாது. முத்திரை இத்தாலிய மொழியில் இருந்தால் அதையாவது மொழிபெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு காற்புள்ளி செய்த வேலை

சரி, பெற்றோர் பெயரோடு சுருக்கம் வாங்கிவிட்டார் அந்தோணி என்று வைத்துக்கொள்வோம். வந்த காகிதத்தில் குழந்தையின் பெயர் 'கவின்' என்று மட்டும் இருக்கிறது. ஜெரோமைக் காணோம். பாஸ்போர்ட்டிலோ 'கவின் ஜெரோம்'.

இதற்குக் காரணம் ஒரு காற்புள்ளியாக இருக்கலாம். இத்தாலியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை நடத்துவது 2000-ம் ஆண்டின் 396-ம் எண் விதித்தொகுப்பு. அதன் 35-வது பிரிவு, 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இப்படிச் சொல்கிறது: ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் காற்புள்ளி போட்டுப் பிரித்து வைக்கப்பட்டிருந்தால், சுருக்கத்திலும் சான்றிதழிலும் முதல் பெயரை மட்டுமே எழுத வேண்டும். காற்புள்ளி இல்லாமல் 'கவின் ஜெரோம்' என்று பதிவாகியிருந்தால் இரண்டும் வந்திருக்கும். 'கவின், ஜெரோம்' என்று பதிவானதால் பின்னது மறைந்துவிட்டது.

பிறந்த இரண்டாம் நாள், தூக்கமில்லாத அப்பா, புரியாத மொழியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடும்போது காற்புள்ளியை யார் கவனிப்பார்கள்?

இதற்கு வழி முழு நகல்தான். பதிவேட்டில் இருப்பது அப்படியே வரும் என்பதால் அதில் இரண்டு பெயரும் இருக்கும். அதோடு பெற்றோர் விவரமும் வந்துவிடும். எனவே குழந்தைக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலிலேயே கோப்பியா இந்தெக்ராலே கேட்பது நல்லது. மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் அதிகம் என்பது மட்டும்தான் குறை.

முழு நகலை யார் கேட்டாலும் கொடுத்துவிட மாட்டார்கள். பதிவு யாரைப் பற்றியதோ அவருக்கு, அல்லது அது தனக்கு ஏன் தேவை என்று காரணத்தோடு காட்டுபவருக்குத்தான் கிடைக்கும். 70 வருஷம் கடந்த பதிவுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சிறு குழந்தைக்குப் பெற்றோர் கேட்கலாம். குழந்தை பிறந்த ஊரின் நகராட்சியில் 'ஸ்தாத்தோ சிவிலே' என்ற பிரிவுக்குப் பாஸ்போர்ட் நகலை இணைத்து, குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வெளிநாட்டில் குடியேற்றத்துக்குத் தேவை என்ற காரணம் எல்லாம் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டில் உள்ள பழைய சான்றிதழில் 'ஆத்தோ' எண், 'பார்த்தே', 'சேரியே', ஆண்டு என்று ஒரு வரி இருக்கும். அதையும் கடிதத்தில் எழுதினால் பதிவைத் தேடுவது எளிது. பதில் வரவும் தபால் வரவும் ஆகும் நாட்கள் நம் கையில் இல்லை. அழைப்பு வந்த பிறகு கேட்டால் 60 நாள் போதாமல் போகலாம் என்பதால், இதை முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. மாறாத விஷயத்தைச் சொல்லும் சான்றுகளுக்கு இத்தாலியச் சட்டம் காலவரையறை வைக்கவில்லை. முன்பே வாங்கி வைத்தால் வீணாகாது.

முதலில் வரும் தேதி பிறந்த தேதி இல்லை

முழு நகல் கட்டம் போட்ட படிவம் போல இருக்காது. ஒரு கதை போல ஓடும். 'இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, ஜூலை மாதம் பதினாறாம் நாள், காலை இத்தனை மணிக்கு, நகராட்சி அலுவலகத்தில், பதிவு அதிகாரியாகிய என் முன்பு இன்னார் ஆஜராகி, இன்ன நாளில் இன்ன மணிக்கு இன்ன இடத்தில் ஆண் குழந்தை பிறந்ததாக அறிவித்தார்' என்று போகும். நம் ஊர்ப் பத்திரப்பதிவு நடையைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதுதான்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. முதல் வரியில் வருவது பதிவு செய்த தேதி. பிறந்த தேதி கீழே சில வரிகள் தள்ளி வரும். இத்தாலியில் பிறந்த 10 நாளுக்குள் நகராட்சியில் அறிவிக்கலாம், அல்லது 3 நாளுக்குள் மருத்துவமனையிலேயே அறிவிக்கலாம். அதனால் இரண்டு தேதிக்கும் இடையே சில நாட்கள் வித்தியாசம் இருப்பது சகஜம். அவசரமாக மொழிபெயர்ப்பவர் முதல் தேதியை எடுத்துப் பிறந்த தேதி என்று போட்டுவிட்டால், ஜூலை 14-ல் பிறந்தவன் ஜூலை 16-ல் பிறந்ததாக ஆகிவிடுவான். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.

தேதிகள் எண்ணில் இல்லாமல் எழுத்தில் இருப்பது இன்னொரு சிக்கல். இத்தாலியில் ஜூன் மாதம் 'ஜூன்யோ', ஜூலை மாதம் 'லூல்யோ'. கையால் எழுதிய, அல்லது மங்கலாக ஸ்கேன் ஆன பிரதியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சரிபார்க்க எளிய வழி உண்டு. இத்தாலிய மொழி தெரியாத பெற்றோர்கூட, மொழிபெயர்ப்பில் உள்ள ஒவ்வொரு தேதியையும் மூலத்தில் விரல் வைத்துத் தேடிப் பார்க்கலாம். மூலத்தில் இரண்டு தேதி இருந்து மொழிபெயர்ப்பில் ஒன்றே ஒன்று இருந்தால், எதையோ விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'ஒன்றுமில்லை' என்பது 'செல்லாது' ஆன கதை

சுருக்கத்தின் அடியில் 'அன்னொதாட்ஸியோனி' என்று ஒரு தலைப்பு இருக்கும். ஓரக்குறிப்புகள் என்று பொருள். தத்தெடுப்பு, பெயர் மாற்றம், திருமணம் போன்றவை பின்னாளில் நடந்தால் இங்கே எழுதுவார்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் பக்கத்தில் 'நூல்லா' என்று இருக்கும். 'எதுவும் இல்லை' என்பதுதான் இதன் பொருள்.

ஆங்கிலத்தில் 'நல்' என்று ஒரு சொல் உண்டு. சட்ட மொழியில் அதற்கு 'செல்லாதது' என்று பொருள். ஒலி ஒன்றுபோல இருக்கிறதே என்று அதையே போட்டுவிட்டால், 'இந்தக் குறிப்பு செல்லாது' என்றோ 'இந்த ஆவணமே செல்லாது' என்றோ படிக்கும்படி ஆகிவிடும். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதிகாரி பேனாவை நிறுத்துவதற்கு அது போதும்.

இதேபோல் வேறு சில சொற்களும் உண்டு. 'ஜெனெராலிதா' என்றால் பொதுத்தன்மை இல்லை, ஒருவருடைய பெயர், பிறப்பு போன்ற விவரங்கள். 'இன் கார்த்தா லீபெரா' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'இலவசக் காகிதத்தில்' என்று வரும். முத்திரைத்தாள் வரி இல்லாமல் கொடுக்கப்பட்டது என்பதுதான் பொருள். பிறப்புச் சான்றுகளுக்கு 1990-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த வரி விலக்கு இருக்கிறது. அதனால் நம் ஊர் முத்திரைத்தாள் போல எதுவும் அதில் ஒட்டப்படவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

'பார்த்தே 1, சேரியே ஏ' என்ற வரியைப் பார்த்ததும் கால்பந்து ரசிகர்களுக்கு இத்தாலிய லீக் ஞாபகம் வரும்! இங்கே அது பதிவேட்டின் பகுதியும் வரிசையும். அதை விளக்கவோ மாற்றவோ கூடாது. எண்ணும் எழுத்தும் மூலத்தில் உள்ளபடியே வர வேண்டும். நாளை யாராவது ஜெனோவா நகராட்சியிடம் இந்தப் பதிவு உண்மையா என்று கேட்டால், அதைத் தேடிப் பிடிக்கும் முகவரி இந்த வரிதான்.

இன்னொரு வாசகம் பல குடும்பங்களைக் கலங்கடிக்கும். 2012 ஜனவரி 1-லிருந்து இத்தாலிய நகராட்சிகள் தனிநபர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ்களில், 'இந்தச் சான்றிதழை அரசு அலுவலகங்களிலோ பொதுச்சேவை நடத்தும் தனியாரிடமோ தாக்கல் செய்ய முடியாது' என்ற அர்த்தத்தில் ஒரு வரி வரலாம். அரசுக்குக் கொடுக்கக் கூடாத சான்றிதழை அரசுக்கே கொடுக்கிறோமே என்று தோன்றும்.

உண்மையில் அது இத்தாலிக்குள் மட்டும் பொருந்தும் விஷயம். அங்கே அரசு அலுவலகங்கள் குடிமக்களை அலையவிடாமல், தகவலைத் தங்களுக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அதன் விளைவுதான் இந்த வரி. வெளிநாட்டு அரசுக்கு அது பொருந்தாது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் அந்த வரியை 'தேவையில்லாத வம்பு' என்று விட்டுவிடக் கூடாது. இருப்பதை அப்படியே எழுத வேண்டும். நகராட்சியிடம் கேட்கும்போதே வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு என்று தெளிவாகச் சொன்னால், அந்த வரிக்குப் பதில் 'வெளிநாட்டுக்காக மட்டும் வழங்கப்பட்டது' என்ற வாசகத்தோடு கொடுக்கவும் வழி இருக்கிறது. பிரச்னையை மொழிபெயர்ப்பில் தீர்ப்பதைவிட, மூலத்தைச் சரியாகக் கேட்டு வாங்குவது மேல்.

முத்திரையை மொழிபெயர்ப்பது எப்படி?

கனடாவின் குடியேற்றத் துறை இதில் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரைகளையும் மொழிபெயர்க்க வேண்டும். பாரிமுனையில் தட்டச்சு செய்து வாங்கிய பல மொழிபெயர்ப்புகளில் முத்திரை இருந்த இடம் காலியாக இருக்கும், அல்லது 'சீல்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அது போதாது.

நடைமுறை இதுதான். மூலத்தில் முத்திரை எங்கே இருக்கிறதோ, மொழிபெயர்ப்பிலும் அதே இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அதை விவரிக்க வேண்டும். '[வட்ட முத்திரை: ஜெனோவா நகராட்சி, நடுவில் நகரச் சின்னம்]' என்பது போல ஆங்கிலத்தில் வரும். மையில்லாமல் காகிதத்தை அழுத்திப் பதித்த முத்திரைக்கு இத்தாலியில் 'திம்ப்ரோ ஆ செக்கோ' என்று பெயர். நேரடிப் பொருள் உலர்ந்த முத்திரை. ஆங்கிலத்தில் புடைப்பு முத்திரை என்ற பொருளில் எழுத வேண்டும். இது ஸ்கேனில் தெரியவே தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் ஒரு முத்திரை காணாமல் போய்விடும். அசலைக் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து இருக்கும் இடத்தில் '[கையெழுத்து]' என்று எழுதி, பெயர் படிக்க முடிந்தால் பெயரையும், முடியாவிட்டால் 'படிக்க இயலவில்லை' என்றும் எழுத வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. 'பெர் இல் சிந்தாக்கோ' என்றிருந்தால் மேயருக்காகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று அர்த்தம், கையெழுத்துப் போட்டவர் மேயர் இல்லை. அதேபோல் 'தெலெகாத்தோ' என்பது அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவர். இந்தச் சொற்களை விட்டுவிட்டால் ஒரு எழுத்தர் மேயர் ஆகிவிடுவார்.

சிலர் அசலுக்கு அப்போஸ்டில் வாங்கியிருப்பார்கள். இத்தாலியில் நகராட்சிச் சான்றுகளுக்கு அதைப் பெரும்பாலான இடங்களில் கொடுப்பது 'ப்ரெஃபெத்தூரா' என்ற மாவட்ட அளவிலான அரசு அலுவலகம். எண்கள் போட்ட 10 வரி கொண்ட அந்தச் சதுரமும் ஆவணத்தின் பகுதிதான். அதுவும் இத்தாலியில் இருந்தால் அதையும் மொழிபெயர்க்க வேண்டும். அப்போஸ்டில் சொல்வதெல்லாம் கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பது மட்டுமே. உள்ளே உள்ள தகவல் சரி என்று அது சொல்வதில்லை.

அம்மாவுக்கு இத்தாலி மொழி தெரியும். அவரே செய்யலாமா?

கவினின் அம்மா நாலு வருஷம் ஜெனோவாவில் கடைக்கும் மருத்துவமனைக்கும் போய் வந்தவர். அந்தப் பக்கத்தை அவரே நன்றாகப் படித்துவிடுவார். ஆனாலும் கூடாது. விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, அத்தை, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர்வரை இந்தத் தடை நீள்கிறது. அவர்கள் தொழிலே மொழிபெயர்ப்பு என்றாலும், வக்கீல் என்றாலும் அதே பதில்தான்.

யார் செய்யலாம்? கனடாவின் மாகாண அல்லது பிராந்திய மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் செய்து தன் முத்திரையைப் போட்டால் பிரச்னை இல்லை. சென்னையில் இருப்பவர் செய்தால், அவர் ஒரு பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். 'மூலத்தில் உள்ளதன் உண்மையான மொழிபெயர்ப்பு இது' என்று உறுதிமொழி வாங்கும் அதிகாரமுள்ள ஒருவர், நம் ஊரில் என்றால் நோட்டரி, முன்னிலையில் மொழிபெயர்ப்பாளரே சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம், பிரமாணப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரே நாளில் எல்லாம் முடித்துத் தரும் இடங்களில், வரிசையில் நிற்பவர் அப்பாதானே என்று அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால், இத்தாலி மொழி தெரியாத ஒருவர் மொழிபெயர்ப்பு சரி என்று சத்தியம் செய்ததாக ஆகிவிடும். மொழிபெயர்ப்பைத் தனியாக வாங்கி, அதன் மேல் நோட்டரி முத்திரை மட்டும் போட்டாலும் பயனில்லை. மொழிபெயர்ப்பு சரியா என்று நோட்டரி பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. தன் முன்னால் வந்து கையெழுத்திட்டவர் யார் என்பதற்குத்தான் அவர் சாட்சி.

அனுப்பும்போது மொழிபெயர்ப்பு, பிரமாணப் பத்திரம் இரண்டோடும், எதைப் பார்த்து மொழிபெயர்த்தார்களோ அந்த அசலின் ஸ்கேனும் போக வேண்டும். நகலைப் பார்த்துச் செய்திருந்தால் அது சான்றளிக்கப்பட்ட நகலாக இருக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்காவுக்கு, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, தனக்கு அந்த மொழியிலிருந்து மொழிபெயர்க்கும் திறமை இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆஸ்திரேலியா, வெளிநாட்டில் செய்யப்படும் மொழிபெயர்ப்பில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி, தகுதி எல்லாம் கேட்கும். இலங்கையிலிருந்து போன தமிழர்கள் நிறைய வாழும் சிசிலியின் பலெர்மோ நகரில் பிறந்த பிள்ளைகள் பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே இத்தாலியப் பக்கம்தான் கையில் இருக்கும். அங்கே மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரி என்ற உறுதி ஆகியவை வேண்டும்.

தாத்தா பெயர் பின்பெயரானால்?

எல்லாம் சரியாக முடிந்தும் கவின் விஷயத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது. இத்தாலியப் பதிவில் பெயரை 'கொன்யோமே', 'நோமே' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாவது குடும்பப் பெயர். தமிழர்களுக்கு அப்படி ஒன்று பெரும்பாலும் கிடையாது. அந்தோணியின் பாஸ்போர்ட்டில் பின்பெயர் கட்டத்தில் சேவியர் என்று இருந்ததால், பதிவு அதிகாரி அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார். மகன் 'சேவியர்' ஆனான். அதாவது தாத்தா பெயர். பிறகு மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தோணி, நம் வழக்கப்படி, பின்பெயர் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

இப்போது ஒரே பையன் இத்தாலியில் கவின் ஜெரோம் சேவியர், இந்தியாவில் கவின் ஜெரோம் அந்தோணி.

'மொழிபெயர்ப்பில் அந்தோணின்னு போட்டுடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது' என்று கேட்கும் ஆசை எவருக்கும் வரும். ஆனால் அசலின் ஸ்கேனும் கூடவே போகிறது. பெயருக்கு இத்தாலி மொழி தெரியத் தேவையில்லை, எழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பவையே. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த அதிகாரிக்கும் தெரிந்துவிடும். சாதாரணப் பெயர் வேறுபாடு, திருத்தப்பட்ட ஆவணம் என்ற சந்தேகமாக மாறும். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் கனடா 5 வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே தடை போட முடியும். சத்தியம் செய்து கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பாளரும் மாட்டுவார்.

எனவே மொழிபெயர்ப்பில் சேவியர் சேவியராகவே இருக்க வேண்டும். வேறுபாட்டை விளக்குவது தனிக் காகிதத்தின் வேலை. 'இந்த இரண்டு பெயரும் ஒரே குழந்தையைக் குறிப்பவை, இத்தாலியில் தாத்தா பெயர் குடும்பப் பெயராகப் பதிவானது இதனால்' என்று பெற்றோர் இருவரும் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். இதில்தான் அப்பாவின் கையெழுத்து வர வேண்டும். அதோடு அந்தோணியின் பாஸ்போர்ட் நகலை வைத்தால், சேவியர் என்பது எங்கிருந்து வந்தது என்று அதிகாரிக்குப் புரியும்.

இன்னொரு ஆதாரமும் உதவும். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்க, பிறந்த ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. அப்போது தூதரகம் கொடுத்த பிறப்புப் பதிவுச் சான்றைத் தேடி எடுத்து இணைக்கலாம். இத்தாலியப் பதிவுக்கு அது மாற்று ஆகாது. ஆனால் அதே தேதி, அதே ஊர், அதே பெற்றோர் என்று காட்ட அது உதவும்.

விண்ணப்பப் படிவத்தில் 'வேறு பெயரால் அழைக்கப்பட்டதுண்டா?' என்ற கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை முதன்மைப் பெயராக எழுதிவிட்டு, கவின் ஜெரோம் சேவியரை இங்கே எழுத வேண்டும். பலர் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.